வால்வு மாற்றியவரின் ஞானப்பல்: ரெஃபரல் கடிதத்தில் என்ன எழுதுவது?

"கொருக்குப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறேன் மேடம். இதய வால்வு மாற்றிய 43 வயது அம்மாவுக்குக் கீழ் இடது ஞானப்பல் பாதி புதைந்து கிடக்கிறது. மூன்றாவது தடவையாக வீங்கி வந்திருக்கிறார். நானே எடுக்கத் தைரியமில்லை, ஓரல் சர்ஜனுக்கு அனுப்பப் போகிறேன். 'ஹார்ட் பேஷண்ட், 38 எடுக்கவும்' என்பதற்கு மேல் அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?"

'ஹார்ட் பேஷண்ட்' என்ற வார்த்தையை முதலில் எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கும் சர்ஜனுக்கு எதுவும் தெரியாது. ஸ்டென்ட் வைத்தவரும் ஹார்ட் பேஷண்ட்தான், வால்வு மாற்றியவரும் ஹார்ட் பேஷண்ட்தான், பேஸ்மேக்கர் வைத்தவரும் அப்படித்தான். மூவரிடமும் பல் எடுக்கும்போது நாம் பயப்பட வேண்டிய விஷயம் வேறு வேறு. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் யாரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடலாமா என்று பார்க்க வேண்டும். ஸ்டென்டுக்காக மட்டும் முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. வால்வு மாற்றியவர் கதை தனி. அவருக்குப் பெரும்பாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடுகிறது. வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி அந்த வால்வில் போய் உட்காரும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு வேலை.

பொதுவாகச் சொல்வதைவிட, என்னிடம் வந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தையே வைத்துச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 41. காசிமேட்டில் மீன் விற்கிறவர். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு கெட்டுப்போய், ஒன்பது வருடத்துக்கு முன் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் சாயங்காலம் அசினோகுமரால் போடுகிறார். ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3. மார்ச் முதல் வாரத்தில் கன்னம் வீங்கி, வாய் சரியாகத் திறக்காமல் வந்தார். உங்கள் நோயாளியைப் போலவே 38தான், அவருக்கும் அது மூன்றாவது தடவை.

அன்றைக்கு நான் செய்த தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் மிக முக்கியமான வரி அதிலிருந்துதான் வருகிறது. ஈறு மடலுக்கு அடியில் சலைனால் கழுவிவிட்டு, வழக்கமாக எழுதுகிற சீட்டையே எழுதினேன். அமாக்ஸிசிலின் 500, மெட்ரானிடசோல் 400, இரண்டும் தினம் மூன்று வேளை, ஐந்து நாள். வலிக்கு அசிக்ளோஃபெனாக். வால்வு இருக்கிறது, அசினோகுமரால் ஓடுகிறது என்று கேஸ் ஷீட்டில் என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது.

அசினோகுமராலையும் வார்ஃபரினையும் கல்லீரலில் உடைக்கும் நொதியை மெட்ரானிடசோல் தடுக்கிறது. அதனால் அதே அளவு மாத்திரை போட்டும் உடம்பில் அதன் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஐந்து நாளுக்கு அவர் வாய் திறக்காமல் கஞ்சிதான் குடித்திருக்கிறார். சாப்பாடு குறைந்தால் வைட்டமின் கே குறையும், அதுவும் அதே பக்கம்தான் தள்ளும். அதற்கு மேல் அசிக்ளோஃபெனாக் வயிற்றை அரித்து, தட்டணுக்களையும் மந்தமாக்கும். மாத்திரை முடிந்த மறுநாள் தலையணையில் ரத்தக் கறை இருந்ததென்று வந்தார். ஈறு ஓரத்தில் தானாகக் கசிந்துகொண்டிருந்தது, முழங்கையில் ஒரு நீலத் தழும்பு. உடனே, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எடுக்கச் சொன்னேன். 5.4. அவர் நோட்டில் ஆறு வாரத்துக்கு முன் இருந்த கணக்கு 2.8.

அன்றே அவருடைய கார்டியாலஜிஸ்டைப் பிடித்தோம். ஒரு நாள் மாத்திரையை நிறுத்தி, மறுபடி குறைந்த அளவில் தொடங்கச் சொன்னார். ஒரு வாரத்தில் 3.1க்கு வந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த ஐந்தாம் நாளில், இந்த விவரம் எதுவும் இல்லாத ஒரு கடிதத்தோடு அவர் ஒரு சர்ஜன் முன் உட்கார்ந்திருந்தால்? நோட்டைக் காட்டியிருப்பார், 2.8 என்று இருந்திருக்கும், பல்லை எடுத்திருப்பார்கள்.

அதனால் கடிதத்தில் நான் முதலில் தேடுகிற வரி இதுதான்: கடந்த இரண்டு வாரத்தில் இந்த நோயாளிக்கு நாம் என்ன கொடுத்தோம், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது. வால்வு விவரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அசினோகுமரால் அளவு நோட்டில் இருக்கும். நாம் எழுதிக் கொடுத்த ஐந்து நாள் மாத்திரை வேறு எங்கேயும் பதிவாகாது. காலி அட்டை குப்பைக்குப் போயிருக்கும், பெயர் கேட்டால் "வெள்ளை மாத்திரை, மஞ்ச மாத்திரை" என்பார். அதை எழுத நம்மைத் தவிர ஆளில்லை.

சரி, உங்கள் நோயாளிக்கு இப்போது வீக்கத்துக்கு என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். காய்ச்சல் இல்லை, வாய் ஓரளவு திறக்கிறது, வீக்கம் தாடைக்கு அடியில் பரவவில்லை என்றால் மெதுவாகக் கழுவிவிடுவதும், குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பும், பாராசிட்டமாலும் பெரும்பாலும் போதும். காய்ச்சலோ வாய்ப்பூட்டோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஆனால் மெட்ரானிடசோலைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் மூன்றாம் நாளே ஐ.என்.ஆர். பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுக் கொடுங்கள். விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் கெட்டியாகத் தூக்கியிருக்கிறது, பேச்சு மாறிவிட்டது என்றால் கடிதத்தில் நேரம் போக்காதீர்கள். நான்கு வரி எழுதி, ஆளைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள்.

இனி ஐ.என்.ஆர். விஷயம். பல் எடுக்கும் முன் "ரத்தம் மெலிசாகிற மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உலோக வால்வு வைத்தவரிடம், அதிலும் மைட்ரல் இடத்தில் வைத்தவரிடம், அப்படி வாயால் சொல்லாதீர்கள், கடிதத்திலும் எழுதாதீர்கள். மாத்திரை நின்றால் அந்த வால்வின் இலைகளில் ரத்தம் கட்டி, வால்வு மாட்டிக்கொள்ளலாம். கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பல் எடுத்த குழியில் வரும் ரத்தத்தைத் துணி வைத்து அழுத்த முடியும், வால்வில் கட்டிய ரத்தத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மைட்ரல் உலோக வால்வுக்கு வழக்கமாக வைத்திருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவில். அந்த வரம்புக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே பல்லை எடுக்கலாம் என்பதுதான் இன்றைய நடைமுறை. எலும்பு வெட்ட வேண்டிய பல்லாக இருந்தால் எந்த அளவுவரை ஒத்துக்கொள்வது என்பதை சர்ஜன் முடிவு செய்யட்டும்.

கடிதத்தில் நீங்கள் எழுத வேண்டியது, இவருடைய ஐ.என்.ஆர். எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பது. ஒரே ஒரு எண் போதாது. கடைசி நான்கைந்து எண்களைத் தேதியோடு நோட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். 2.6, 2.9, 2.8, 2.7 என்று இருப்பவர் வேறு, 1.7, 4.2, 2.9 என்று குதிப்பவர் வேறு. நிலையாக இருப்பவருக்கு மூன்று நாளுக்கு முந்தைய எண்ணைக்கூட நம்பலாம், குதிப்பவருக்கு அதே நாள் காலையில் எடுத்தாக வேண்டும். நோட்டு இல்லாதவரிடம் போன மாதம் எங்கே ரத்தம் கொடுத்தார் என்று கேட்டால், பெரும்பாலும் தெருமுனை லேபில் பதிவு கிடைக்கும். அதற்காக அவரை இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாலும் பரவாயில்லை.

அடுத்தது தொற்று. செயற்கை வால்வு வைத்தவருக்கு, ஈறையோ எலும்பையோ கிளறும் பல் வேலைக்கு முன் ஒரு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு முன்பெல்லாம் கிளிண்டமைசின் எழுதினோம். அமெரிக்க இதய சங்கம் 2021இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் அல்லது டாக்ஸிசைக்ளின் 100. பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு கிளிண்டமைசின் என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுவாகப் பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இது. ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டவர்கள் பலரும் அது திரும்ப வராமலிருக்கப் பல வருடமாகப் பென்சிலின் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு 21 நாளுக்கு ஒரு ஊசி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவருக்குத் தசையில் ஊசி போட்டால் ரத்தம் கட்டும் என்பதால், தினமும் பென்சிலின் மாத்திரையாகவும் கொடுப்பார்கள். அப்படித் தொடர்ந்து எடுப்பவரின் வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் பென்சிலினுக்குப் பழகிப்போயிருக்கலாம். அவரிடம் 2 கிராம் அமாக்ஸிசிலினை நம்ப முடியாது, வேறு வகை மருந்து வேண்டும்.

என் நோயாளியிடம் "வேற ஏதாவது மாத்திரை போடறீங்களாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லை என்றார். மூன்றாவது தடவை, பையில் இருப்பதையெல்லாம் மேஜையில் வைக்கச் சொன்னேன். சுருக்குப்பைக்குள்ளிருந்து வெற்றிலைச் சருகு, சில்லறையோடு ஒரு அட்டை வந்தது, பாதி தீர்ந்த பென்சிலின் அட்டை. "இதுவா? இது சின்ன வயசுலேர்ந்து போட்டுக்கினு இருக்கேன்மா, இதெல்லாம் ஒரு மருந்தா?" என்றார். அவர் மறைக்கவில்லை. முப்பது வருடமாகக் காலையும் மாலையும் போடுவது அவருக்குக் காபி குடிப்பது மாதிரி. அதனால் "மாத்திரை ஏதாவது போடறீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் வாயில போடறது என்னென்ன" என்று கேளுங்கள். அல்லது பையைக் கொட்டச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் நாம் கொடுத்த அமாக்ஸிசிலின். ஒரு கோர்ஸ் முடிந்தவுடனே பல் எடுத்தால், அதே வகை மருந்தை மறுபடி கொடுப்பதில் பயன் குறைவு. அவசரமில்லையென்றால் கோர்ஸ் முடிந்து குறைந்தது 10 நாள் விட்டு எடுப்பது நல்லது. அவசரமென்றால் வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டில் எது என்று சர்ஜன் முடிவெடுக்க, உங்கள் மருந்து முடிந்த தேதி அவர் கையில் இருக்க வேண்டும்.

கார்டியாலஜிஸ்டுக்கும் தனியாக ஒரு சீட்டு எழுதுவீர்கள். அதில் "பல் எடுக்க ஃபிட்னஸ் தரவும்" என்று மட்டும் எழுதினால், "மிதமான ஆபத்துடன் ஃபிட்" என்று முத்திரை போட்டு வரும். கேள்வி பொத்தாம்பொதுவாக இருந்ததால் பதிலும் அப்படித்தான் வரும், அவர் மேல் தப்பில்லை. நான் இப்படிக் கேட்டேன்: "அசினோகுமராலை நிறுத்தாமல், ஐ.என்.ஆர். 3.5க்குள் இருக்கும்போது லோக்கல் அனஸ்தீஷியாவில் ஒரு பல்லை எடுக்கத் திட்டம். இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து உண்டா? இவர் தினமும் பென்சிலின் எடுப்பதால் முன்கூட்டி அசித்ரோமைசின் கொடுக்க நினைக்கிறோம், சரியா? கடைசி எக்கோவில் வால்வும் இதயத்தின் வேலையும் எப்படி இருக்கின்றன?" மூன்றுக்கும் மூன்று வரியில் பதில் வந்தது. நாடி ஒழுங்கில்லாமல் இருப்பதை நான் ஒரு நிமிடம் கைவைத்து எண்ணி எழுதியிருந்தேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது, அதனால் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். அந்தச் சீட்டின் நகலைக் கடிதத்தோடு பின் பண்ணி அனுப்பினேன்.

பல் பற்றிய பகுதியை நீங்களே நன்றாக எழுதுவீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி அவசியம். பிரிட்டனில் 2000இல் வந்த நைஸ் வழிகாட்டியின்படி, முதல் தடவை வந்த சாதாரண வீக்கத்துக்காகப் பல்லை எடுக்க வேண்டியதில்லை, இரண்டாவது தடவையிலிருந்து எடுக்கக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட நோயாளியிடம் அந்தக் கணக்கு இன்னும் முக்கியம். சர்ஜன் 'சும்மா விட்டுவிடலாமே' என்று யோசிப்பது நியாயம்தான், அதனால் மூன்று தடவையின் மாதங்களையும் எழுதுங்கள். ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் பல்லின் சாய்வு, அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் பல்லில் சொத்தை இருக்கிறதா, வேர்நுனிக்கும் நரம்புக் கால்வாய்க்கும் என்ன உறவு என்று எழுதுங்கள். கால்வாயின் வெள்ளைக் கோடு அறுந்திருந்தாலோ, அந்த இடத்தில் வேர் கறுப்பாகத் தெரிந்தாலோ, கால்வாய் வளைந்து போனாலோ நரம்பு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சி.பி.சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை சர்ஜன் அதை வைத்து யோசிப்பார். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை மில்லிமீட்டரில் எழுதுங்கள். மேல் ஞானப்பல் கீழ் ஈறைக் கடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒரே அமர்வில், ஒரே ஆன்டிபயாட்டிக் டோஸில் இரண்டையும் எடுக்கலாமா என்று கேட்கலாம்.

நான் அனுப்பிய கடிதத்தின் சாரம் கீழே. எழுதியது ஆங்கிலத்தில், ஒரே பக்கம்.

"41 வயதுப் பெண். ருமாட்டிக் நோயால் மைட்ரல் இடத்தில் உலோக வால்வு, 9 வருடமாக. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு. அசினோகுமரால் மாலையில் 2 மில்லிகிராம். தினமும் இருவேளை பென்சிலின் மாத்திரை, சிறு வயதிலிருந்து. மருந்து ஒவ்வாமை இல்லை.

கவனிக்க: மார்ச் 4 முதல் 8 வரை நான் அமாக்ஸிசிலினும் மெட்ரானிடசோலும் அசிக்ளோஃபெனாக்கும் கொடுத்தேன். 9ஆம் தேதி ஐ.என்.ஆர். 5.4, ஈறில் கசிவு. 16ஆம் தேதி 3.1. அதற்கு முந்தைய நான்கு எண்கள் 2.5க்கும் 3.0க்கும் இடையில், நோட்டு நகல் இணைப்பு.

38, முன்புறம் சாய்ந்து 37இன் மேல் முட்டி நிற்கிறது. 37இன் பின்புறம் தொடக்கச் சொத்தை. ஏழு மாதத்தில் மூன்று தடவை வீக்கம். வேர்நுனி அருகே கால்வாயின் மேல் கோடு தெளிவாக இல்லை. இன்று வாய் திறப்பு 34 மில்லிமீட்டர், காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஓ.பி.ஜி. இணைப்பு.

38ஐ எடுப்பது பற்றி உங்கள் கருத்தும் சிகிச்சையும் வேண்டுகிறேன். அசினோகுமராலை நிறுத்தச் சொல்லவில்லை, கார்டியாலஜிஸ்டும் நிறுத்த வேண்டாம் என்கிறார், அவர் பதில் இணைப்பு. முன்கூட்டி அசித்ரோமைசின் கொடுக்க அவருக்குச் சம்மதம். திங்கட்கிழமை காலை நேரம் கிடைத்தால் நல்லது. காசிமேட்டில் மகளோடு வசிக்கிறார். இரவில் ரத்தம் வந்தால் முதலில் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், என் எண் கீழே."

திங்கட்கிழமை காலை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்குக் காலையில், வாரத் தொடக்கத்தில் எடுத்தால் அன்று சாயங்காலமோ மறுநாளோ மறுபடி கசிந்தாலும் பார்க்க ஆள் இருக்கும். சனிக்கிழமை மதியம் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை யாரைத் தேடுவார்? அவருக்கும் ஞாயிறுதான் வியாபாரம், அன்று வரவே மாட்டார். விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குப் போய்க் கூடை தூக்குகிறவர், பல் எடுத்தால் சில நாள் கூடை தூக்க முடியாது. ஏப்ரல் 15இலிருந்து மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். மருந்து முடிந்து 10 நாளைக்கு மேல் ஆகிறது, ஐ.என்.ஆர். இரண்டு தடவை பார்த்து நிலைத்துவிட்டதா என்று தெரியும், வீக்கமும் முழுக்க வடிந்திருக்கும். மருத்துவக் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போனது. அதையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன். நடுவில் மறுபடி வீங்கினால் காத்திருக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன், நல்லவேளை வீங்கவில்லை.

நம் பக்கத்திலிருந்து இப்படிப்பட்டவரைப் பூங்கா நகரில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது எனக்குப் பழக்கம். அரசுப் பொது மருத்துவமனை அருகிலேயே இருப்பது இவர்களுக்கு ஒரு தைரியம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். இதய சிகிச்சை ஸ்டான்லியில் ஓடுகிறவராக இருந்தால் அந்த ஃபைலைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு மருத்துவமனையின் ஃபைல் இன்னொன்றின் கம்ப்யூட்டரில் வரும் என்று நம்ப வேண்டாம்.

ஏப்ரல் மூன்றாவது வாரத் திங்கட்கிழமை காலை ஐ.என்.ஆர். 2.9. எடுத்துவிட்டார்கள். குழியில் ஜெலட்டின் ஸ்பான்ஜ் வைத்து, இறுக்கித் தையல் போட்டு, டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்க வைத்து, ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கும் அதே மருந்து. 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலந்தால் 5 சதவீதக் கரைசல் ஆகும். இரண்டு நிமிடம் வாயில் வைத்திருந்து, கொப்பளிக்காமல் மெதுவாக ஒழுக விட வேண்டும், தினம் நான்கு வேளை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மகள் போன் பண்ணினாள். "அம்மா வாயில ஈரல் மாதிரி ஏதோ தொங்குதுங்க டாக்டரம்மா." எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. குழியிலிருந்து ஈரல் துண்டு மாதிரி கறுத்த கட்டி வளர்ந்து தொங்கினால், அடியில் இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது, கட்டி சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதைச் சுத்தமான துணியால் துடைத்தெடுத்துவிட்டு, கரைசலில் நனைத்த துணியைக் குழியின் மேலேயே வைத்து, அரை மணி நேரம் நடுவில் எடுத்துப் பார்க்காமல் கடிக்கச் சொன்னேன். பத்து மணிக்கு நின்றுவிட்டது. நிற்காமல் வாய் நிறைய ரத்தம் வந்திருந்தால் நேரே எமர்ஜென்சிக்குத்தான். அந்த இரவுக்காகத்தான் கடிதத்தில் வீடு எங்கே, கூட யார், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுகிறோம்.

இன்னொரு வேலையும் நம் கையில்தான். பல் எடுத்து வந்தவர் தெருமுனை மெடிக்கலில் "பல் வலி மாத்திரை" கேட்டால், அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரைதான் கொடுப்பார்கள். பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம் என்று மகளிடம் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதை ஐ.என்.ஆர். நோட்டின் அட்டையிலேயே ஒட்டிவைத்திருக்கிறாள்.

இப்போது உங்கள் நோயாளிக்கு வருவோம். மூன்றாவது தடவை வீங்கி வந்திருக்கிறார் என்கிறீர்கள். முதல் இரண்டு தடவையும் எங்கே போனார், யார் என்ன கொடுத்தார்கள் என்று நாளைக்கே கேளுங்கள், சீட்டோ காலி அட்டையோ வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தத் தடவை நீங்களே மெட்ரானிடசோல் எழுதியிருந்தால் கடிதம் இருக்கட்டும், முதலில் ஐ.என்.ஆர். எடுக்க அனுப்புங்கள்.